வளையலைத் தேய்க்காதீங்க: அழுக்கு உள்ளே இருக்கு, அலங்காரம் வெளியே இருக்கு

போன வருஷம் சித்திரை மாசம், அம்மாவின் வளையல் டப்பாவை நான்தான் திறந்தேன். என்னை வயிற்றில் சுமந்தபோது நடந்த வளைகாப்பில் போட்ட பச்சைக் கண்ணாடி வளையல்களில் மிச்சமிருந்தவை 14. தங்கக் கோடு போட்டவை. கூடவே ஹைதராபாத்தில் இருந்து யாரோ வாங்கி வந்து கொடுத்த, கல் பதித்த அரக்கு வளையல் இரண்டு ஜோடி. எல்லாமே மங்கலாக, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தன. வீட்டில் கல்யாணம் வருகிறது, பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று போனில் ஒரு ரீல் பார்த்தேன். சுடுதண்ணி, சலவைப் பவுடர், ஆப்ப சோடா, வினிகர், பழைய டூத் பிரஷ். பொங்கி நுரைத்தது, பார்க்கவே நன்றாக இருந்தது.

அரை மணி நேரத்தில் ஐந்து வளையலில் தங்கக் கோடு காணாமல் போயிருந்தது. ஒன்று தண்ணிக்குள்ளேயே இரண்டாக விட்டிருந்தது. அரக்கு வளையல் வெள்ளை பூத்து, தொட்டியின் அடியில் 11 கல் கிடந்தது. அம்மா திட்டவில்லை. கல்லை எல்லாம் பொறுக்கி ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகுதான் வளையலையே கையில் வைத்து ஒழுங்காகப் பார்த்தேன். ரீலில் சொன்ன பொருள்களை விட, அந்த யோசனையின் அடிப்படைதான் தப்பு. நாம் எல்லோருமே வளையலின் வெளிப்பக்கத்தைத் தேய்க்கிறோம். ஆனால் வியர்வைப் படலம் உட்காருவது பெரும்பாலும் உள்பக்கத்தில், தோலைத் தொடும் இடத்தில். தங்கக் கோடு, ஜிகினா, கல் எல்லாம் இருப்பது வெளிப்பக்கத்தில். அழுக்கு இல்லாத இடத்தை விழுந்து விழுந்து தேய்த்து அலங்காரத்தை எடுத்துவிட்டு, அழுக்கு இருக்கும் இடத்தை விட்டுவிடுகிறோம்.

உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால், தினம் போடும் ஒரு வளையலைக் கழற்றி, உள்பக்கம் ஒரு டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். அப்புறம் வெளிப்பக்கம். எந்தப் பேப்பர் பழுப்பாகிறது என்பது தெரிந்துவிடும்.

அந்தப் படலம் என்ன?

மதுரை வெயிலில் கை வியர்ப்பதைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வியர்வையில் தண்ணிதான் பெரும்பகுதி. அது காய்ந்த பிறகு உப்பு தங்கிவிடும். அதோடு தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசை, நாம் பூசும் பவுடர், சன்ஸ்கிரீன், மாவு பிசைந்த கையின் மிச்சம், மஞ்சள், குங்குமம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இந்தப் பசையின் மேல் ரோட்டுத் தூசி வந்து ஒட்டுகிறது.

ஆக, மூன்று விதமான அழுக்கு. உப்பு வெறும் தண்ணியில் கரையும். எண்ணெய்ப் பசைக்கு ஓரிரு சொட்டு சோப்பு போதும். தூசி எதிலும் கரையாது, அதைத் தேய்க்காமல் உதிர்க்க வேண்டும். ஏனென்றால் தூசியில் மணல் துகள் இருக்கிறது, மணல் கண்ணாடியை விடக் கடினம். தூசி இருக்கும்போதே துணியால் அழுத்தித் துடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். இதில் எதற்குமே ஆப்ப சோடா தேவையில்லை. வினிகரும் சோடாவும் சேர்ந்தால் வரும் நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது உப்புக் கரைசல்தான். கேமராவுக்கு நல்லா இருக்கும், வளையலுக்கு ஒரு புண்ணியமும் இல்லை.

டூத்பேஸ்ட் இன்னும் மோசம். பல்லைத் தேய்த்து எடுப்பதற்காகவே நுண்ணிய சிலிகா அல்லது சுண்ணத் துகள் அதில் சேர்க்கிறார்கள். வெறும் கண்ணாடி அதைத் தாங்கும். அதன் மேல் இருக்கும் கோடு தாங்காது.

தங்கக் கோடு எப்படி வந்தது?

நாம் போடும் கண்ணாடி வளையல்களில் பெரும்பாலானவை உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் இருந்து வருகின்றன. உருகிய கண்ணாடியைச் சுழலும் கம்பியில் நூல் போலச் சுற்றி, ஸ்பிரிங் மாதிரி எடுத்து, நீளவாக்கில் வெட்டுவார்கள். அப்போது ஒவ்வொரு வளையமும் வாய் திறந்திருக்கும். அந்த வாயைச் சின்ன நெருப்பில் காட்டி ஒட்டுவதற்கு அங்கே 'ஜுடாய்' என்று பெயர். உங்கள் வளையலை வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தால் ஒரு இடத்தில் லேசான தடிப்பு தெரியும். அதுதான் ஒட்டு. வளையலின் பலவீனமான இடமும் அதுதான். ஏசி ரூமில் இருந்த வளையலைத் திடீரென்று கொதிநீரில் போட்டால் முதலில் விடுவது அந்த ஒட்டு. எங்கள் வீட்டு வளையல் உடைந்ததும் சரியாக அங்கேதான்.

ஒட்டிய பிறகுதான் அலங்காரம். இதில் இரண்டு ஜாதி உண்டு. எது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு.

முதலாவது, சூளையில் சுட்ட கோடு. திரவமாக இருக்கும் தங்கப் பூச்சைத் தூரிகையால் தடவி, வளையலைச் சூளையில் வைப்பார்கள். பூச்சில் இருக்கும் எண்ணெயும் பிசினும் எரிந்துபோய், உலோகம் மட்டும் கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணி, சோப்பு இதை உடனே ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் படலம் நம் தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் அது கரைந்து போவதில்லை, உரசி உரசித் தேய்ந்துதான் போகிறது.

இரண்டாவது, சுடாமல் ஒட்டியது. ஜிகினாத் தூள், சரிகைப் பொடி, சின்னக் கல், பூப்போட்ட பெயின்ட் எல்லாம் பசையிலோ வார்னிஷிலோ நிற்பவை. இன்று கடையில் தொங்கும் பளபளா செட்டுகளில் இதுதான் அதிகம். ஊறவைத்தால் பசை இளகி, அலங்காரம் தோலாகவே உரிந்து வரும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க நகம் போதும். அலங்காரத்தின் குறுக்கே நகத்தை மெதுவாக, அழுத்தாமல் நகர்த்துங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் சுட்டது. மேடு தட்டினால் ஒட்டியது. சிலது ஏமாற்றும். அதனால் இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். இயர் பட் ஒன்றை வெதுவெதுப்பான தண்ணியில் நனைத்துப் பிழிந்து, கண்ணில் படாத ஒரு ஓரத்தில் பத்து விநாடி வைத்து எடுங்கள். பஞ்சில் நிறமோ மினுமினுப்போ வந்தால், அந்த வளையலுக்குத் தண்ணித் தொட்டி கிடையாது.

கண்ணாடி வளையலுக்கு: பதினைந்து நிமிட வேலை

முதலில் தூசியை உதிர்க்க வேண்டும். குழந்தைகள் பெயின்ட் அடிக்கும் மிருதுவான பிரஷ் அல்லது மேக்கப் பிரஷ் நல்லது. காய்ந்த வளையலை, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். மேலே சொன்ன மணல் துகள் இங்கேயே போய்விடும்.

அடுத்து, ஒரு பிளாஸ்டிக் பேசினில் மடித்த துண்டை விரித்து, அரை லிட்டர் தண்ணி ஊற்றுங்கள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு, அதற்கு மேல் வேண்டாம். அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பவுடர் வேண்டாம், பாத்திரம் துலக்கும் கட்டிச் சோப்பும் வேண்டாம். சுட்ட கோடு உள்ள வளையலையும் கோடே இல்லாத வெறும் வளையலையும் மட்டும், ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நிமிடம் இதில் விடலாம். டஜனாகக் கொட்டினால் ஒன்றோடு ஒன்று உரசும். கோட்டைத் தேய்ப்பது பிரஷ் மட்டும் இல்லை, பக்கத்து வளையலும்தான்.

பிறகு கட்டை விரலை வளையலுக்கு உள்ளே விட்டு, உள்பக்கத்தை மட்டும் ஒரு சுற்று தடவி வாருங்கள். வழுவழுப்பு போய் விரல் லேசாகக் கீச்சிட்டால் படலம் போய்விட்டது என்று அர்த்தம். வெளிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டாம், தண்ணியில் அசைத்தாலே போதும். கோட்டின் ஓரத்தில் கருப்பாக ஏதாவது இருந்தால் நனைந்த இயர் பட்டால் கோடு போகும் திசையிலேயே ஒரு தடவை, அவ்வளவுதான்.

ஒட்டிய அலங்காரம் உள்ளதற்குத் தொட்டி இல்லை என்று சொன்னேன். அதே சோப்புத் தண்ணியில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, உள்பக்கத்தை மட்டும் துடைத்து, வெறும் தண்ணித் துணியால் இன்னொரு முறை துடைத்தால் முடிந்தது. வெளியே காய்ந்த பிரஷ் மட்டும்.

கடைசியாக அலசும் தண்ணி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். போர் தண்ணியில் அலசி அப்படியே காயவிட்டால், தண்ணியில் இருக்கும் சுண்ண உப்பு வளையலில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கட்டிச் சோப்பு வேறு போட்டிருந்தால், அந்த உப்போடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு புதுப் படலம் உண்டாகும். "கழுவின பிறகுதான் இன்னும் மங்கிப் போச்சு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான், சாயம் போனதை இல்லை. அதனால் கடைசி அலசல் மட்டும் குடிக்கிற கேன் தண்ணியில், ஒரு டம்ளர் போதும். உடனே பழைய காட்டன் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் ஒரு மணி நேரம்.

மங்கினது படலமா, கோடே போனதா என்று சந்தேகமா? வளையலை நனைத்து, போன் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். ஈரத்தில் கோடு முழுசாகத் தெரிந்து, காய்ந்ததும் வெள்ளையடித்தால் அது படலம். மறுபடி கேன் தண்ணியில் அலசினால் ஓரளவு குறையலாம். ஈரத்திலும் கோடு விட்டு விட்டுத் தெரிந்தால், அந்த இடத்தில் தங்கம் இல்லை. எதைப் போட்டாலும் திரும்ப வராது.

அரக்கு வளையல் வேறு ரகம்

அரக்கு என்பது கண்ணாடியும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. மரக்கிளையில் கூட்டமாக வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். ஜார்க்கண்ட் பக்கம் அதிகமாகச் சேகரிக்கிறார்கள். ஹைதராபாத் சார்மினார் அருகில் லாட் பஜாரிலும், ஜெய்ப்பூரிலும் இதைச் சூட்டில் இளக்கி, உலோக வளையத்தின் மேல் சுற்றி, இளகி இருக்கும்போதே கல்லைப் பதிக்கிறார்கள். ஹைதராபாத் அரக்கு வளையலுக்கு 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எப்படிச் செய்கிறார்கள் என்பதிலேயே எது ஆகாது என்பதும் இருக்கிறது. சூட்டில் இளகிச் செய்தது சூட்டில் இளகும். சுமார் 65 முதல் 70 டிகிரியில் அரக்கு மெத்தென்று ஆகிவிடும். அழுத்தம் இருந்தால் அதற்குக் கீழேயே அச்சு பதியும். மே மாசம் கார் டேஷ்போர்டில் வைத்த அரக்கு வளையல் மாலையில் கோணலாகக் கிடப்பதும், கல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் இதனால்தான். ஹேர் டிரையரில் காய வைப்பதும் அதே கதை.

அடுத்தது ஆல்கஹால். மர பர்னிச்சருக்கு ஸ்பிரிட் பாலிஷ் போடுபவர்களைக் கேளுங்கள், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அந்தப் பாலிஷே செய்கிறார்கள். ஆபீஸ் வாசலில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு, அந்த ஈரக் கையோடு வளையலைச் சரிசெய்கிறோமே, அப்போது நாம் செய்வது அரக்கைக் கரைக்கும் வேலை. சென்ட்டும் அப்படித்தான். வளையல் பிசுபிசுப்பாகி, தூசி பதிந்து, பளபளப்பு செத்துவிடும். அப்புறம் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்போம். சலவை சோடா மாதிரியான காரமும் அரக்கைக் கரைக்கும். சலவைப் பவுடரில் அது உண்டு. என் தொட்டியில் சுடுதண்ணி, காரம், பிரஷ் மூன்றும் ஒன்றாக இருந்தன. கல் விழுந்ததில் ஆச்சரியமில்லை, மிச்சக் கல் நின்றதுதான் ஆச்சரியம்.

தண்ணியில் அரக்கு கரையாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வெள்ளை பூக்கும். கல்லின் கதை தனி. கல் மின்னுவது அதன் பின்பக்கம் இருக்கும் வெள்ளிப் பூச்சால். கல்லுக்கும் அரக்குக்கும் நடுவில் தண்ணி புகுந்தால் அந்தப் பூச்சு கருத்து, கல் குருடாகிவிடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் மின்னாது. உள்ளே இருக்கும் உலோக வளையம் துருப்பிடிக்கும் ரகமாக இருந்தால் அதற்கும் ஆபத்து.

எனவே அரக்குக்கு முறை ரொம்பச் சின்னது. காய்ந்த பிரஷ்ஷால் கல் இடுக்கில் இருக்கும் தூசியை உதிர்க்கவும். மெல்லிய காட்டன் துணியை வெறும் தண்ணியில் நனைத்து, ஒரு சொட்டுகூட விழாத அளவுக்குப் பிழியவும். உள்பக்கத்தில் கால் வட்டம் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, அப்புறம் அடுத்த கால் வட்டம். பிசுக்கு விடவில்லை என்றால் ஒரு கப் தண்ணிக்கு ஒரு சொட்டு சோப்பு, அதே பிழிந்த துணி, பிறகு வெறும் தண்ணித் துணி. ஃபேன் காற்றில் ராத்திரி முழுக்க விட்டு, அப்புறம் டப்பாவில் வைக்கலாம். வெள்ளை பூத்துவிட்டால் பதற வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் விட்டால் பல நேரம் தானே குறையும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று சொல்லும் சித்திகள் எல்லா வீட்டிலும் உண்டு. பளபளக்கும்தான், ஒரு நாள். மறுநாள் ஊர்த் தூசி முழுக்க அதில் இருக்கும்.

இன்னொன்று. அரக்கு என்று விற்கப்படுவதில் நிறைய பிளாஸ்டிக் பிசின். அதைக் கண்டுபிடிக்கச் சூடான ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். எதுவாக இருந்தாலும் அரக்கு மாதிரியே நடத்தினால் நஷ்டமில்லை.

யாரைக் குறை சொல்வது?

கோடு போனதும் நாம் கடைக்காரரைத்தான் திட்டுகிறோம். "மட்டமான சரக்கு." சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் சுட்டதா, ஒட்டியதா என்று வாங்கும்போது நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. பட்டுப் புடவைக் கடையில் எப்படித் துவைக்கணும் என்று நாலு தடவை கேட்கிற நாம், வளையல் கடையில் அளவு மட்டும் கேட்கிறோம். மதுரையில் சொக்கநாதரே வளையல் விற்றதாகத் திருவிளையாடல் சொல்கிறது, ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அந்த லீலை நடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், வளையல் செட் அட்டையின் பின்னால் "ஊற வைக்கக் கூடாது" என்று ஒரு வரி அச்சடிப்பது பெரிய செலவா? கடைக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை இது என்றே நினைக்கிறேன். மாற்றிக் கேட்டு வரும் சண்டையிலும் பாதி குறையும்.

"டஜன் நூறு ரூபாய்கூட இல்லை, புதுசு வாங்கிக்கலாமே" என்று ஆபீஸ் தோழி கேட்டாள். தினம் போடுவதற்கு அது சரிதான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் ஆடிப்பூரத்துக்கு அம்மன் சந்நிதியில் கொடுத்த வளையலையோ, வளைகாப்பில் பெரியம்மா கையால் போட்டுவிட்டதையோ எந்தக் கடையில் போய் மாற்றுவது?

உண்மையில் தினம் போடுபவர்களுக்குக் கழுவும் வேலையே வராது. ராத்திரி கழற்றும்போது உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் ஒரு சுற்று துடைத்தால் போதும், வளையலுக்கு ஐந்து விநாடி. வியர்வை காய்ந்து உப்பாவதற்கு முன்பு எடுத்துவிடுகிறோம். ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆறு மாசம் கழித்துத் திறந்தால்தான் பிரஷ்ஷைத் தேடத் தோன்றும்.

இந்த வருஷம் தங்கச்சிக்கு வளைகாப்பு. மிச்சமிருந்த 13 கண்ணாடி வளையலையும் எடுத்தேன். நகம் வைத்துப் பார்த்ததில் எல்லாமே சுட்ட கோடு. தூசி தட்டி, ஒவ்வொன்றாக முக்கி, உள்பக்கம் மட்டும் தடவி, கேன் தண்ணியில் அலசினேன். மொத்தம் 40 நிமிடம். முந்தின வருஷம் தப்பித்த எட்டில் கோடு அப்படியே இருக்கிறது. போன ஐந்தும் வெறும் பச்சையாக, ஆனால் சுத்தமாக.

அரக்கு வளையலில் கல் ஒட்டும் வேலை மிச்சம் இருந்தது. உடனே ஒட்டும் சூப்பர் பசையை முதலில் ஒரே ஒரு கல்லில் வைத்துப் பார்த்தேன். அதன் ஆவி பட்டுச் சுற்றிலும் வெள்ளையடித்துவிட்டது. பிறகு இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும், மெதுவாக இறுகும் எபாக்ஸி வாங்கி, குண்டூசி முனையில் எடுத்து, குழியில் ஒரு புள்ளி வைத்து, கல்லை அமர்த்தி, ஒரு நாள் தொடாமல் விட்டேன். மாத்திரை டப்பாவில் இருந்த 11-ல் ஏழு உட்கார்ந்துவிட்டன. மற்ற நாலுக்கும் பின்பூச்சு கருத்துவிட்டது. அவை இன்னும் அதே டப்பாவில்தான் இருக்கின்றன, அம்மா தூக்கிப் போட விடவில்லை.